கொட்டேஷன் கொடுத்து ஐந்து வாரம்

பெரிய வீடு குழு, 24 செப்டம்பர் 2025

கார்த்திக்: திருநகர் சாருக்கு 3 கிலோவாட் சோலார் கொட்டேஷன் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. "சார், ஏதாவது முடிவு பண்ணீங்களா?" என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். நீல டிக் மட்டும் விழுகிறது. நாளைக்கு இன்னொரு தடவை கேட்கலாமா?

மீனா அத்தை: கண்ணு, எங்க வீட்டுக்கும் சோலார் போடலாம்னு மாமா சொல்றார். மானியம் எவ்வளவு?

கார்த்திக்: 3 கிலோவாட்டுக்கு 78,000 அத்தை. உங்களுக்குத் தனியாக வந்து சொல்கிறேன்.

ராஜா மாமா: மாப்ளே, "இந்த மாதத்தோடு மானியம் நிற்கப் போகிறது"ன்னு ஒரு வரி போடு. ஓடி வருவார்.

கார்த்திக்: அந்தத் திட்டம் 2026-27 வரைக்கும் இருக்கிறது மாமா. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், சரிபார்ப்பார்.

பாலு சித்தப்பா: இருபது வருஷம் மில்லில் பர்ச்சேஸ் பார்த்தவன் சொல்கிறேன். "முடிவு என்ன"ன்னு கேட்டு வந்த கடிதத்துக்கு நான் பதில் போட்டதே கிடையாது. முடிவு இருந்தால் நானே கூப்பிட்டிருப்பேனே. கொட்டேஷனில் இல்லாத ஒரு விஷயத்தோடு வந்தால்தான் ஃபைலைத் திரும்பப் பிரிப்பேன். அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் என்ன மாறியிருக்கு?

ராஜா மாமா: ஜிஎஸ்டி! முந்தாநாள் முதல் 12-லிருந்து 5. விலையில் 7 சதவீதம் குறையுமே.

கார்த்திக்: அவ்வளவு வராது மாமா. எங்கள் வேலையில் 70 சதவீதம்தான் பொருள் கணக்கு. மீதி 30 சேவை, அதற்கு 18 சதவீத வரி அப்படியேதான் இருக்கிறது. மொத்த வரி 13.8-லிருந்து 8.9 ஆகிறது. அவருக்குப் போட்ட அடிப்படை விலை 1,75,000. வரியோடு 1,99,150 இருந்தது, இனி 1,90,575. 8,575 ரூபாய் குறைகிறது.

பாலு சித்தப்பா: சரி, புதுத் தேதி போட்டு அனுப்பு. "18 ஆகஸ்ட் கொட்டேஷன் இத்துடன் ரத்து" என்று மறக்காமல் எழுது. இல்லாவிட்டால் ரெண்டு தாளையும் வைத்துக்கொண்டு வாத்தியார் உன்னைக் குறுக்கு விசாரணை செய்வார். ஆனால் இதை ஊரில் இருக்கிற எல்லா சோலார்காரனும் இந்த வாரம் அனுப்புவான். அந்த மாடியைப் பற்றி உனக்கு மட்டும் தெரிந்தது ஏதாவது இருக்கா?

செல்வி அக்கா: என் டெய்லர் கடைக்கு மெஷின் விலை கேட்டேன், அவர்களும் தினமும் "வணக்கம் மேடம்" போட்டார்கள். பிளாக் பண்ணிவிட்டேன்.

கார்த்திக்: ஒன்று இருக்கிறது சித்தப்பா. மாடியின் தெற்கு ஓரத்தில் எட்டடி உயரத்தில் தண்ணீர்த் தொட்டி. ஆகஸ்டில் மதியம் போய் அளந்தேன், சூரியன் தலைக்கு மேலே, நிழல் காலடியிலேயே கிடந்தது. தொட்டிக்குப் பக்கத்திலேயே பேனல் வரைந்துவிட்டேன். டிசம்பரில் சூரியன் தெற்கே இறங்கிவிடும். உச்சி வேளையிலேயே ஐந்தடிக்கு மேல் நிழல் வடக்கே நீளும், மூன்று மணிக்கு இன்னும் அதிகம். முதல் ரெண்டு பேனலும் நிழலில் மாட்டும். எட்டடி வடக்கே தள்ளினால் சரியாகிவிடும்.

ராஜா மாமா: உன் தப்பை நீயே சொல்வியா? அடுத்தவன்கிட்ட போயிடுவார்.

பாலு சித்தப்பா: டிசம்பரில் கரண்ட் குறைந்து அவரே கண்டுபிடிப்பதைவிட இது மேல். அனுப்புடா. கடைசியில் "முடிவு சொல்லுங்கள்" வேண்டாம்.

கார்த்திக்: இப்படி அனுப்புகிறேன்:

"வணக்கம் சார். இரண்டு மாற்றங்கள். வரி குறைந்ததால் உங்கள் விலை இப்போது 1,90,575, மானியம் போக 1,12,575. திருத்திய கொட்டேஷன் இணைத்திருக்கிறேன், 18 ஆகஸ்ட் கொட்டேஷன் இத்துடன் ரத்து. இன்னொன்று, டிசம்பர் நிழலை நான் முதலில் கணக்கில் எடுக்கவில்லை. தொட்டியின் நிழல் இரண்டு பேனல்களில் விழும் என்பதால் எட்டடி வடக்கே நகர்த்தி வரைந்திருக்கிறேன். படத்தில் சாக்பீஸ் கோடு போட்ட இடம் அது."

மீனா அத்தை: எங்க தொட்டி மேற்குப் பக்கம் இருக்கு கண்ணு, பரவாயில்லையா?

கார்த்திக்: (இரவு 8.40) பதில் வந்துவிட்டது! "நீங்கள் முதலில் வரைந்த இடத்திலும் இப்போது நகர்த்திய இடத்திலும்தான் வீட்டில் துணியும் வடாமும் காயப்போடுகிறார்கள். ஐந்து வாரமாக வீட்டில் பேச்சே அதுதான்."

செல்வி அக்கா: அப்போ விலை இல்லையா பிரச்சினை!

கார்த்திக்: பேனலை எட்டடி உயரத்தில் தூக்கிக் கட்டினால் கீழே துணி காயப்போடலாம். தொட்டி உயரத்துக்கே வந்துவிடுவதால் நிழலும் விழாது, நகர்த்தவே வேண்டாம். ஆனால் அவ்வளவு உயரத்தில் காற்று பிடிக்கும், கனமான கால்கள் வேண்டும். வரியில் குறைந்த எட்டாயிரம் இரும்புக்கே போய்விடலாம்.

ராஜா மாமா: வடாத்துக்கு நிழலா? வெயில் வேண்டாமா மாப்ளே?

கார்த்திக்: 😐 அதை யோசிக்கவில்லை மாமா.

பாலு சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு போ. வாத்தியாரிடம் இல்லை, அந்த அம்மாவிடம் கேள், எந்தப் பக்கம் எத்தனை அடி வெயில் வேண்டும் என்று.