லாபம் இருக்கிறது, கொள்முதலுக்குப் பணம் இல்லை. எங்கே சிக்கியிருக்கிறது?

பைப்_கடை (கேள்வி)

பைப், ஃபிட்டிங்ஸ் மொத்த வியாபாரம். ஒரு வருடம் முன்புவரை மாத விற்பனை 10 லட்சம், எல்லாச் செலவும் போகச் சுமார் 50,000 நிற்கும். 9 மாதம் முன்பு ஒரு பெரிய கட்டுமான நிறுவனம் கிடைத்தது. மாதம் 6 லட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார்கள், மார்ஜின் 10 சதவீதம். வண்டிக்கும் ஆளுக்கும் கூடுதலாக 15,000 ஆகிறது. ஆக லாபம் மாதம் 95,000 என்று கணக்கர் காட்டுகிறார்.

ஆனால் கையில் ஒன்றும் இல்லை. வங்கியில் 10 லட்சம் ஓவர்டிராஃப்ட் முழுவதும் எடுத்தாகிவிட்டது. சப்ளையருக்குக் கெடு தாண்டிய பாக்கி 9 லட்சம். போன வாரம் லோடு ஏற்றும் நேரத்தில் நிறுத்திவிட்டார். விற்பனை கூடக் கூடக் கழுத்து இறுகுகிறது. கணக்குத் தப்பா, நான் தப்பா?

நேர்வழி

லாபம் வந்தால் பணமும் வந்தாக வேண்டும். வரவில்லை என்றால் யாரோ கை வைக்கிறார்கள். நான் ஸ்டாக்கை எண்ணிப் பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது. முதலில் குடோனைப் பூட்டி எண்ணுங்கள். வீட்டுக்கு எவ்வளவு எடுக்கிறீர்கள் என்பதையும் எழுதிப் பாருங்கள். அப்புறம் வங்கியில் லிமிட்டைக் கூட்டிக் கேளுங்கள், விற்பனை ஏறியிருப்பதால் கொடுப்பார்கள்.

துணி_மொத்தம்

எனக்கும் இதே கதிதான் சார். சீசனுக்கு முன்னால் வாங்கிப் போட்ட சரக்கு நின்றுபோய், பாதி விலைக்குத் தள்ளினேன். ஓடாத சரக்கைத் தள்ளிவிடுங்கள், பணம் தானாக வரும். என் அனுபவத்தில் இதைவிட வேகமான வழி இல்லை.

பேரேடு

குடோனை எண்ணுவது நல்லதுதான், ஆனால் இங்கே சரக்கு நிற்பதாகத் தெரியவில்லை. பைப்_கடை, நாலு எண் மட்டும் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் மொத்தம் எவ்வளவு நிலுவை? முன்பு எவ்வளவு? அந்தக் கட்டுமான நிறுவனம், அதாவது பெரியவரிடம் எவ்வளவு? வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுக்கிறீர்கள்?

பைப்_கடை

ஸ்டாக் எண்ணினேன், சரியாக இருக்கிறது. சுமார் ஒரு மாதத்துக்கான சரக்கு. சப்ளையர் கொடுக்கும் கெடுவும் 30 நாள்தான். பழையவர்களிடம் முன்பு 10 லட்சம் நிற்கும், இப்போது 15 லட்சம். பெரியவரிடம் 18 லட்சம். வீட்டுக்கு 50,000 எடுக்கிறேன்.

பேரேடு

பாருங்கள், கணக்கு தானாகவே பேசுகிறது. முன்பு வெளியில் நின்றது 10 லட்சம், இப்போது 33 லட்சம். கூடுதல் 23 லட்சம். உங்கள் லாபம் 95,000, வீட்டுக்கு 50,000 போக மிச்சம் 45,000. ஒன்பது மாதத்துக்கு 4 லட்சம் சொச்சம். ஓவர்டிராஃப்ட் 10 லட்சம். மீதி 9 லட்சம் எங்கிருந்து வந்தது? சப்ளையரிடமிருந்து. அவரைக் கேட்காமலேயே வாங்கிய கடன் அது. கணக்கும் தப்பில்லை, திருட்டும் இல்லை. உங்கள் பணம் முழுவதும் வாடிக்கையாளர்களின் கையில் பில்லாக இருக்கிறது.

பெரியவரை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். 6 லட்சம் சரக்கின் கொள்முதல் 5.4 லட்சம். 18 லட்சம் நிலுவை என்றால் மூன்று மாத விற்பனை, அதாவது 60 நாள் பேசினீர்களோ என்னவோ, 90 நாளில்தான் பணம் வருகிறது. உங்கள் கையை விட்டுப் போனது 16.2 லட்சம். அவர் தரும் நிகர லாபம் மாதம் 45,000. போட்ட பணத்தை அந்த லாபத்தைக் கொண்டு மீட்க 36 மாதம். அதற்குள் விற்பனையைக் கூட்டிவிட்டால் அந்த நாள் இன்னும் தள்ளிப்போகும். பணத்துக்கு 12 சதவீத வட்டி போட்டால் மாதம் 16,200, ஆக உண்மையில் நிற்பது 28,800. அவர் ஒருநாள் கையை விரித்துவிட்டால் மூன்று வருட லாபம் போய்விடும். இத்தனைக்கும் ஒவ்வொரு மாதமும் கணக்கில் லாபம்தான் எழுதியிருப்பீர்கள்.

லிமிட்டைக் கூட்டலாம் என்று நேர்வழி சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு. பல வங்கிகள் வரவேண்டிய பில்லில் 90 நாளைத் தாண்டியதைக் கணக்கிலேயே எடுக்காது. உங்களுக்குப் பணம் தாமதமாகும்போதுதான் லிமிட் தேவை, அந்த நேரத்தில்தான் அது சுருங்கும்.

நேர்வழி

சரி, திருட்டு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். நான் சொன்னதில் வீட்டுச் செலவை மட்டும் கணக்கில் எடுத்தீர்கள். ஆனால் சுலபமான வழி இருக்கிறதே? 30 நாளில் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி என்று சொல்லுங்கள், பெரிய நிறுவனம் என்றால் ஓடி வந்து கட்டும்.

பேரேடு

90 நாளை 30 நாளாக்க 2 சதவீதம் என்றால் ஆண்டுக்குச் சுமார் 12 சதவீத வட்டிக்குச் சமம். வட்டியாகப் பார்த்தால் மோசமில்லை. ஆனால் 6 லட்சத்தில் அது 12,000, அவர் தரும் மார்ஜின் 60,000-ல் ஐந்தில் ஒரு பங்கு. பெரிய நிறுவனங்களில் இன்னொன்றும் நடக்கும்: தள்ளுபடியையும் கழித்துக்கொண்டு பணத்தை 90-வது நாளில்தான் போடுவார்கள். அப்போது 12,000-ஐத் திரும்பக் கேட்க உங்களுக்குத் தைரியம் இருக்காது. பழையவர்களுக்கு வேண்டுமானால் பயன்படுத்தலாம்.

முதலில் அவர்களின் கணக்குப் பிரிவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எப்போது பணம் வரும் என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் எப்போதும் "அடுத்த வாரம்" தான். பில் எண்ணைச் சொல்லி, "இது உங்கள் சிஸ்டத்தில் ஏறிவிட்டதா? எந்தத் தேதிப் பட்டியலில் இருக்கிறது?" என்று கேளுங்கள். மாதத்துக்கு இரண்டு முறை மட்டுமே பணம் போடும் நிறுவனங்கள் இருக்கின்றன. பட்டியல் மூடிய மறுநாள் பில் போய்ச் சேர்ந்தால் அதற்கே அரை மாதம். பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லாமலோ, டெலிவரி சலானில் கையெழுத்து இல்லாமலோ போன பில் ஏதோ ஒரு மேசையில் தூங்கும். நீங்கள் நாட்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள், அவர்கள் இன்னும் எண்ணவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள்.

பழையவர்கள் 30 நாளிலிருந்து 45 நாளுக்குப் போனது ஏன்?

பைப்_கடை

வசூலுக்குப் போகும் பையனைப் பெரியவரின் டெலிவரிக்கு மாற்றினேன். இப்போதுதான் உறைக்கிறது.

பேரேடு

அதுதான். பையனை வசூலுக்கே திருப்பி அனுப்புங்கள். பழையவர்களை 30 நாளுக்குக் கொண்டுவந்தால் 5 லட்சம். பெரியவரை 60 நாளுக்குக் கொண்டுவந்தால் 6 லட்சம். மொத்தம் 11 லட்சம், சப்ளையர் பாக்கியைவிட அதிகம். புதுக் கடன் வாங்காமலேயே மூச்சு விடலாம். ஒரு வாரத்தில் நடக்காது, இரண்டு மூன்று மாதம் ஆகும்.

அதுவரை 13 வாரத்துக்கு ஒரு தாள் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் கையில் எவ்வளவு, எந்தப் பில் எந்த வாரம் வரும், எது கட்டியே ஆக வேண்டும். வரவை அவர்கள் சொன்ன தேதிப்படி எழுதாதீர்கள், போன மூன்று பில்லுக்கு உண்மையில் எத்தனை நாள் எடுத்தார்களோ அதன்படி எழுதுங்கள். எந்த வாரம் மைனஸில் போகிறதோ அந்த வாரத்தைச் சப்ளையரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பழைய பாக்கிக்குத் தேதி போட்ட தவணை, புதுச் சரக்குக்கு ரொக்கம் என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார். போனை எடுக்காமல் இருப்பதுதான் அவரைப் பயப்பட வைக்கும்.

துணி_மொத்தம்

பில்லை ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் கொடுத்து உடனே பணம் வாங்கலாமே? என் நண்பர் ஒருவர் செய்கிறார்.

பேரேடு

செய்யலாம். கையெழுத்திடுமுன் ஒன்றைப் பாருங்கள்: வாடிக்கையாளர் கட்டாவிட்டால் பணத்தை நீங்கள் திருப்பித் தர வேண்டுமா? பல ஒப்பந்தங்களில் அப்படித்தான் இருக்கும். அப்போது ஆபத்து உங்களிடமே நிற்கிறது, கட்டணம் மட்டும் போகிறது. தவிர, வாடிக்கையாளரும் பில்லை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியிருக்கலாம். சிலருக்கு அது பிடிக்காது.

வழக்கு_பார்த்தவன்

18 லட்சம் தர மறுக்கிறான் என்றால் நோட்டீஸ் அனுப்புங்கள் அண்ணா, வக்கீல் கடிதம் போனாலே பாதி பேர் கட்டிவிடுவார்கள்.

பைப்_கடை

அவர்கள் மறுக்கவில்லை, தாமதம்தான். நோட்டீஸ் அனுப்பினால் ஆர்டர் போய்விடும்.

பைப்_கடை (இரண்டு வாரம் கழித்து)

கணக்குப் பிரிவுக்குப் போன் செய்தேன். மூன்று பில், 5 லட்சம், ஏறவே இல்லை! நாங்கள் பில்லில் போட்ட ஆர்டர் எண்ணில் ஒரு இலக்கம் தப்பு. அந்தப் பொண்ணு மின்னஞ்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறாள், நாங்கள் யாரும் திறந்து பார்க்கவில்லை. திருத்திக் கொடுத்துவிட்டோம். ஆனால் ஏறிய தேதியிலிருந்துதான் 60 நாள் எண்ணுவோம் என்கிறார்கள்.

சப்ளையர் 9 லட்சத்தை மூன்று தவணைக்கு ஒத்துக்கொண்டார். பையன் வசூலுக்குத் திரும்பிவிட்டான், முதல் வாரமே 1.4 லட்சம் வந்தது.

இப்போது புதுத் தலைவலி. பெரியவரின் பர்ச்சேஸ் மேனேஜர் ஆர்டரை 8 லட்சமாக்கித் தருகிறேன், 90 நாளை ஒப்பந்தத்திலேயே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?

பேரேடு

கூடுதல் 2 லட்சத்துக்கு மூன்று மாதம் என்றால் 6 லட்சம் நிலுவை கூடும். அவரை 60 நாளுக்குக் கொண்டுவந்து மீட்க நினைத்த 6 லட்சத்தைக் கைவிட்டு, அதற்குமேல் இன்னொரு 6 லட்சம் கொடுக்கிறீர்கள். நான் என்றால் 60 நாளில் 6 லட்சமே போதும் என்பேன்.

நேர்வழி

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெரிய ஆர்டரை இழந்தால் திரும்ப வராது. சப்ளையரிடம் இந்த வாடிக்கையாளருக்கான சரக்குக்கு மட்டும் 60 நாள் கெடு கேளுங்கள், மீதி 30 நாளை நீங்கள் தாங்குங்கள்.

பேரேடு

மூன்று வாரம் முன்பு லோடை நிறுத்தியவரிடமா? கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை. எழுத்தில் வாங்கும்வரை 90-க்குச் சரி சொல்லாதீர்கள்.

பைப்_கடை

சப்ளையர் ஊரில் இல்லை, வியாழன் வருகிறார். மேனேஜர் வெள்ளிக்குள் பதில் கேட்கிறார்.