தாடையில் மட்டும் வரிசையாகப் பரு: ஹெல்மெட் போடுபவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

இருசக்கரவாசி:
ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் முழு ஹெல்மெட்டோடு வண்டி ஓட்டும் வேலை. வயது 31. பள்ளிக்கூட நாட்களில்கூட எனக்குப் பரு வந்ததில்லை. நாலு மாதமாகத் தாடைக்கு அடியில் சின்னச் சின்னதாகக் கிளம்புகிறது. நெற்றி, மூக்கு எல்லாம் சுத்தமாக இருக்கிறது. முதலில் சாப்பாட்டைச் சந்தேகப்பட்டேன், எதை நிறுத்தியும் குறையவில்லை.

போன வாரம் ஒரு வேலை செய்தேன். ஹெல்மெட்டை மாட்டி, ஸ்ட்ராப்பின் இரண்டு ஓரத்தையும் கண்மைப் பென்சிலால் தாடையில் கோடு போட்டுவிட்டுக் கழற்றினேன். மொத்தம் 16 பரு. அதில் 14 அந்தக் கோடுகளுக்குள்ளே! இடப்பக்கம் 9, வலப்பக்கம் 5. பக்கிள் இருப்பது இடப்பக்கம்தான்.

கழுவிக்கோ:
வியர்வைக் கிருமிதான் காரணம். நல்ல சோப்பு போட்டு நாளைக்கு நாலு தடவை ஸ்க்ரப் வைத்துத் தேய்த்தால் போய்விடும். நான் அப்படித்தான் செய்கிறேன்.

தோல்பிரிவு:
வியர்வைக்கும் பங்கு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் கிருமி மட்டும் காரணமாக இருந்தால் பரு இவ்வளவு நேர்கோட்டில் நிற்காது. ஈரத்தில் ஊறிய தோலில் உராய்வு அதிகம். கண்ணுக்கே தெரியாமல் அடைத்திருக்கும் துவாரங்கள், அழுத்தித் தேய்க்கத் தேய்க்க உள்ளுக்குள் உடைந்து சிவந்து வீங்குகின்றன. 1975-ல் மில்ஸ், க்ளிக்மன் என்ற இருவர் இதற்கு ஆக்னி மெக்கானிகா என்று பெயர் வைத்தார்கள். ஸ்க்ரப் போடுவதும் தேய்ப்புதான் சார். ஸ்ட்ராப் பகலில் செய்வதை நீங்கள் குளியலறையில் தொடர்கிறீர்கள்.

தம்பி, கோடு போட்டுப் பார்த்தது நல்ல யோசனை. ஸ்ட்ராப் தளர்வாக இருக்கிறதா? அசையும் ஸ்ட்ராப்தான் அதிகம் தேய்க்கும். அதற்காக இறுக்கி நெரிக்கவும் வேண்டாம், பரு வருகிறதே என்று கழற்றிவிட்டு ஓட்டவும் வேண்டாம்.

இரவுப்பணி:
மருத்துவமனையில் 12 மணி நேரம் என்95 போடுகிறேன். எனக்கு இரண்டு விதமாக வந்தது. மூக்குத் தண்டிலும் கன்னத்தில் மாஸ்க் விளிம்பு உட்காரும் இடத்திலும் பருவே இல்லை, தோல் உரிந்து எரியும். வாயைச் சுற்றியும் முகவாயிலும் ஒழுங்கே இல்லாமல் சிதறினாற்போல் பரு. விளிம்பில் இருப்பது உராய்வு, உள்ளே இருப்பது மூச்சின் புழுக்கம் என்று எங்கள் தோல் மருத்துவர் பிரித்துச் சொன்னார். விளிம்புக்கு அடியில் மெல்லிய துணி வைத்துப் பார்த்தேன். ஊதிப் பார்த்தால் காற்று ஓரமாகக் கசிந்தது, அன்றே எடுத்துவிட்டேன். இப்போது மாஸ்க் போடுவதற்கு அரை மணி நேரம் முன்பே மாய்ஸ்சரைசர் தடவிக்கொள்கிறேன். எரிச்சல் குறைந்தது. பரு பாதிதான் குறைந்தது.

நெற்றிப்பொட்டு:
எனக்கும் நெற்றியில் பரு, ஆனால் ஹெல்மெட்டே போடுவதில்லை. தலைக்கு எண்ணெய் நிறைய வைப்பேன். இதுவும் அதுதானா?

தோல்பிரிவு:
அது வேறு கதை அம்மா. எண்ணெய் முடியோரத்திலிருந்து இறங்கித் துவாரத்தை அடைக்கும். கொஞ்ச நாள் எண்ணெயை நிறுத்திப் பாருங்கள்.

காதோரம்:
எனக்குப் பரு இல்லை, காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் படும் இடத்தில் பயங்கர அரிப்பு. செதில் செதிலாக உரிந்து, பட்டை படாத இடத்துக்கும் பரவுகிறது. கடையில் ஒரு க்ரீம் தந்தார்கள், இரண்டே நாளில் அடங்கியது. நிறுத்தினால் திரும்ப வருகிறது.

தோல்பிரிவு:
அரிப்பு முந்திக்கொண்டு வந்து, கோட்டைத் தாண்டியும் பரவினால் எனக்கு ஒவ்வாமைச் சந்தேகம்தான் வரும். ரப்பரில் சேர்க்கும் ரசாயனமாக இருக்கலாம். பேட்ச் டெஸ்ட் செய்தால்தான் தெரியும், இங்கே படித்துச் சொல்ல முடியாது. அந்த க்ரீமில் ஸ்டீராய்டு இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள். இருந்தால் முகத்தில் தடவ வேண்டாம். அதுவே வாயைச் சுற்றிப் புதுப் பருவைக் கிளப்பிவிடும்.

இருசக்கரவாசி:
பத்து வாரம் கழித்து வருகிறேன். ஸ்ட்ராப்புக்கு மெல்லிய பருத்தி உறை, இரண்டு நாளைக்கு ஒருமுறை துவைக்கிறேன். காலையில் சவரம் செய்த கையோடு ஹெல்மெட் மாட்டுவதை விட்டு, சவரத்தை இரவுக்கு மாற்றினேன். மருத்துவர் சொல்லி 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு இரவில் மட்டும். முதல் மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை, தோல்தான் வறண்டது. தலையணை உறை அங்கங்கே வெளுத்துப் போனதில் வீட்டில் திட்டு வேறு. ஆறாவது வாரத்திலிருந்து புதிதாக வருவது குறைந்தது. இப்போது இடப்பக்கம் 2, வலப்பக்கம் ஒன்றுமில்லை. கறுப்புத் தழும்புகள் மட்டும் அப்படியே நிற்கின்றன.

கழுவிக்கோ:
பார்த்தீர்களா, துவைத்ததால்தான் போனது. சுத்தம்தான் காரணம்.

இருசக்கரவாசி:
இருக்கலாம் சார், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டேன். எது வேலை செய்தது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் மிச்சமிருக்கும் அந்த இரண்டும் பழைய கோட்டில் இல்லை. உறையின் தையல் தாடையில் படும் இடத்தில் இருக்கின்றன. இன்று தையலை வெளிப்பக்கமாகத் திருப்பி மாட்டியிருக்கிறேன்.