ரினியூவலில் மலிவான பிளானுக்கு மாறினால் காத்திருப்புக் காலம் மறுபடியும் தொடங்குமா?

கோவைமகள்: அப்பாவுக்கு 61 வயது, அம்மாவுக்கு 57. இருவருக்கும் சேர்த்து 10 லட்சத்துக்கு ஃபேமிலி ஃப்ளோட்டர் மெடிக்ளெய்ம் வைத்திருக்கிறோம். 2024 ஜனவரி 18 அன்று எடுத்தது. அப்பாவின் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் அப்போதே படிவத்தில் எழுதிவிட்டோம். ஏற்கெனவே இருந்த நோய்களுக்கு இந்தப் பிளானில் 24 மாதக் காத்திருப்பு. வரும் ஜனவரியோடு அது முடிகிறது. கிளெய்ம் எதுவும் எடுக்காததால் 1 லட்சம் போனஸும் சேர்ந்திருக்கிறது.

ரினியூவலுக்கு 46,000 ரூபாய் கேட்கிறார்கள். அதே நிறுவனத்தின் சிறிய பிளானுக்கு மாறினால் 31,000 போதும் என்கிறார் ஏஜென்ட். அதில் காப்பீடு 5 லட்சம், அறை வாடகை நாளுக்கு 5,000 வரை, ஒவ்வொரு கிளெய்மிலும் 20 சதவீதம் நம் பங்கு. "ஒரே கம்பெனிதானே, எல்லாம் தொடரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த ஆண்டுக்குள் அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படலாம். உண்மையிலேயே எல்லாம் தொடருமா?

உடுமலை செல்வம்: தொடராது அம்மா. நான் ஓய்வுபெற்ற பிறகு அதே கம்பெனியில் தனியாகப் பாலிசி எடுத்தேன். கண்புரை அறுவைக்கு இரண்டு ஆண்டு காத்திருக்கச் சொல்லிவிட்டார்கள். அலுவலகக் குரூப் பாலிசியில் எத்தனையோ ஆண்டு இருந்தேன், ஒன்றும் கணக்கில் வரவில்லை.

பழைய டிபிஏக்காரன்: செல்வம் ஐயா, உங்கள் கதை வேறு. குரூப்பிலிருந்து வெளியே வரும்போதே அதே நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற்றித் தரும்படி கேட்டிருக்க வேண்டும். நீங்கள் புதிதாக விண்ணப்பித்ததால் புதிய வாடிக்கையாளராகத்தான் சேர்த்திருப்பார்கள்.

சகோதரி, உங்கள் வழக்குக்கு மைக்ரேஷன் என்று பெயர். ஒரே நிறுவனத்துக்குள் மாறும்போது கழித்த மாதங்கள் கணக்கில் வரும். ஆனால் கூடவே வருவது மாதங்கள்தான்; "காத்திருப்பு முடிந்துவிட்டது" என்ற நிலை கூடவே வருவதில்லை. இந்த வேறுபாட்டை ஏஜென்ட்கள் சொல்வதில்லை. சிறிய பிளானில் ஏற்கெனவே இருந்த நோய்க்கு எத்தனை மாதம் என்று பார்த்தீர்களா? 2024 ஏப்ரலிலிருந்து விதி அனுமதிக்கும் உச்சம் 36 மாதம். மலிவான பிளான்களில் பெரும்பாலும் அந்த உச்சத்தையே வைத்திருப்பார்கள்.

கோவைமகள்: இப்போதுதான் பார்த்தேன். 36 மாதம். மூட்டு மாற்றுக்கு இரண்டு பிளானிலும் 24 மாதம்.

பழைய டிபிஏக்காரன்: அப்படியானால் அம்மாவின் முழங்காலுக்குக் காத்திருப்புத் தடை இல்லை. அப்பாவுக்குத்தான் சிக்கல். 24 மாதம் கழித்துவிட்டார், புதிய பிளான் 36 கேட்கிறது. மீதி 12 மாதத்தைக் கழிக்க வேண்டும் என்று நிறுவனம் சொல்ல இடமிருக்கிறது. அதாவது, பழைய பிளானில் ஜனவரி 18 முதல் சர்க்கரை தொடர்பான சிகிச்சைக்குக் கிளெய்ம் கிடைக்கும். சிறிய பிளானில் அதே நாளில் இன்னும் ஓர் ஆண்டு தள்ளிப்போகலாம். 15,000 ரூபாயை மிச்சப்படுத்தப் போய், காத்திருந்து கிடைத்ததையே கைவிடுவதாகும்.

நெல்லை ராணி: புதிய விதியில் கழித்த மாதம், போனஸ் என்று எல்லா வரவும் அப்படியே மாற வேண்டும் என்று வந்துவிட்டதே! யாரும் எதையும் இழக்க மாட்டார்கள். அவசரமே இல்லை, கெடு முடிந்த பிறகும் 30 நாள் கருணைக் காலம் இருக்கிறது. நிதானமாக யோசித்து மாறுங்கள்.

பழைய டிபிஏக்காரன்: பாதி சரி அக்கா. 30 நாளுக்குள் கட்டினால் சேர்ந்த வரவுகள் போகாது. ஆனால் ஆண்டுப் பிரீமியத்தை மொத்தமாகக் கட்டுபவருக்கு அந்த இடைவெளியில் காப்பீடு கிடையாது. அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் செலவு நம்முடையதுதான். இன்னொன்று, மைக்ரேஷனுக்குக் குறைந்தது 30 நாள் முன்பே கேட்க வேண்டும் என்று பல பாலிசிப் புத்தகங்களில் இருக்கும். இவருக்கு டிசம்பர் 18தான் கெடு.

வரவு மாறுவதும் சலுகை மாறுவதும் வேறு வேறு. பழைய பிளானில் அறை வாடகைக்கு வரம்பில்லை என்பது அந்தப் பிளானின் குணம். அது உங்களோடு வராது. அம்மாவின் முழங்காலையே எடுத்துக்கொள்வோம். ஐந்து நாள், நாளுக்கு 8,000 ரூபாய் அறை. மொத்த பில் 3 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அறைக்கு 40,000, மருத்துவர், அறுவை அரங்கம், நர்ஸிங் 1,20,000, மூட்டுக் கருவி, மருந்து, பரிசோதனை 1,40,000.

வரம்பு 5,000 என்பதால் அறைக்கு 25,000 தருவார்கள். அத்தோடு நிற்காது. மருத்துவர் கட்டணத் தொகுப்பையும் எட்டில் ஐந்து பங்காக வெட்டுவார்கள், 75,000 ஆகும். கருவி, மருந்து, பரிசோதனையில் இந்த வெட்டு கூடாது, அதனால் 1,40,000 முழுதாக நிற்கும். கூட்டினால் 2,40,000. அதில் உங்கள் 20 சதவீதம் 48,000 போக, நிறுவனம் தருவது 1,92,000. உங்கள் கையிலிருந்து 1,08,000. பழைய பிளானில் கையுறை, முகக்கவசம் போன்ற சில்லறைகள் தவிர மற்றதெல்லாம் கிடைத்திருக்கும்.

சேலம் கணக்கர்: ஒரு திருத்தம். அறைக்கு ஏற்றபடி மற்றக் கட்டணங்களை மாற்றாத ஆஸ்பத்திரி என்றால், அந்த விகித வெட்டைப் போடக் கூடாது. பில்லிங் கவுன்டரில் முன்பே கேட்டு வையுங்கள். பிரீமியத்தைப் போன ஆண்டோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை: 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மெடிக்ளெய்முக்கு ஜிஎஸ்டி கிடையாது. போன ரசீதில் 18 சதவீதம் வரியும் சேர்ந்திருக்கும்.

கோவைமகள்: வரியைக் கழித்துப் பார்த்தால் பிரீமியம் நான் நினைத்ததைவிட அதிகமாகவே ஏறியிருக்கிறது! இரண்டு ஆண்டு சிறிய பிளானில் ஓட்டிவிட்டு, பிறகு 10 லட்சத்துக்குத் திரும்பலாமா?

பழைய டிபிஏக்காரன்: இறங்குவது எளிது, ஏறுவது கடினம். ரினியூவலில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டும்போது மட்டும் உடல்நிலையைப் புதிதாக ஆராய நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அப்பாவின் வயதையும் சர்க்கரையையும் பார்த்து மறுக்கலாம். சம்மதித்தாலும், கூடுதலாக வரும் 5 லட்சத்துக்குக் காத்திருப்பு முதல் மாதத்திலிருந்து. 60 மாதம் தொடர்ந்து கட்டினால், மோசடி நிரூபணமானால் ஒழிய, எதையோ மறைத்தீர்கள் என்று கிளெய்மை மறுக்க முடியாது அல்லவா? அந்தக் கணக்கும் கூடுதல் தொகைக்குப் புதிதாகவே ஓடும்.

பணம்தான் பிரச்சினை என்றால் பிளானை மாற்றாமல் தொகையை மட்டும் குறைக்க என்ன பிரீமியம் என்று கேளுங்கள். கழித்த 24 மாதமும் நிற்கும், அறை வரம்பும் வராது.

கோவைமகள்: கேட்டேன். அதே பிளானில் 5 லட்சத்துக்கு 37,500. கிட்டத்தட்ட இதையே முடிவு செய்துவிட்டோம். ஆனால் 1 லட்சம் போனஸ் முழுதாக நிற்குமா, பாதியாகுமா என்று ஏஜென்டுக்குத் தெரியவில்லை. நிறுவனத்துக்கு மெயில் அனுப்பினால் "பாலிசி விதிகளின்படி" என்று ஒரே வரியில் பதில்.

பழைய டிபிஏக்காரன்: தொகை குறைந்தால் போனஸும் அதே விகிதத்தில் குறையும் என்று பல பாலிசிகளில் எழுதியிருக்கும், உங்களுடையதில் போனஸ் பிரிவைப் படித்துப் பாருங்கள். மெயிலை மறுபடியும் அனுப்புங்கள், இந்த முறை ஆம் அல்லது இல்லை என்று மட்டுமே சொல்லக்கூடிய கேள்விகளாக: 18.01.2026 முதல் 1 லட்சம் போனஸ் முழுதாக நிற்குமா? அப்பாவின் ஏற்கெனவே இருந்த நோய்களுக்குக் காத்திருப்பு பாக்கி உண்டா? பாலிசி முதன்முதலில் தொடங்கிய தேதி 18.01.2024 என்றே அச்சாகுமா? புதிய தாளில் அந்த இடத்தில் 2026 என்று இருந்தால் புதுப் பாலிசியாகப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். அன்றே திருத்தக் கேளுங்கள், கிளெய்ம் நேரத்தில் கேட்டால் இழுப்பார்கள்.

உடுமலை செல்வம்: குரூப் பாலிசி ஆண்டுகளை இப்போது சேர்க்கச் சொல்லிக் கேட்டால் சேர்ப்பார்களா?

கோவைமகள்: மெயில் அனுப்பிவிட்டேன். தேதி அப்படியேதான் அச்சாகும் என்று வாடிக்கையாளர் மையத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். போனஸ் பற்றி இன்னும் பதில் இல்லை.