மறுமொழி: பீக் லோட் ஸ்டாஃபிங்குக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

செல்வி

குழுவினருக்கு வணக்கம்.

இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் ஆம்புலன்ஸ் நிறுவனம் தன் ஓட்டுநர்களுக்குப் புதிய ரோஸ்டரை விளக்கும் கையேட்டைத் தமிழில் கேட்டிருக்கிறது. படிக்கப்போகிறவர்களில் பலர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். இதுவரை காலை 8 முதல் இரவு 8, இரவு 8 முதல் காலை 8 என்று இரண்டே ஷிப்ட். இனி அழைப்புகள் அதிகம் வரும் என்று கணித்திருக்கும் நேரத்தில் கூடுதல் வண்டிகள் ஓடும்படி, ஒரு தொகுதி ஆட்கள் காலை 10 மணிக்கு வேலை தொடங்கி இரவு 10 மணிக்கு முடிப்பார்கள். இந்த ஏற்பாட்டைத்தான் பீக் லோட் ஸ்டாஃபிங் என்கிறார்கள். "உச்சநேரப் பணியமர்த்தம்" என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலை அச்சுக்குப் போகிறது.

வேலாயுதம்

அன்புள்ள செல்விக்கு,

பணியமர்த்தம் என்றால் புதிதாக ஆள் எடுப்பது. உங்கள் ஓட்டுநர், ஊரில் இருக்கும் தம்பிக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டு வருவார். அதை முதலில் நீக்குங்கள்.

அடுத்து, நாளைப் பகுத்துப் பார்ப்பதில் நமக்குப் பழக்கம் இல்லாமல் இல்லை. வைகறை, காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம் என்று சிறுபொழுது ஆறு. ஒவ்வொன்றும் பத்து நாழிகை, அதாவது 4 மணி நேரம். தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் இது பாடம். எற்பாட்டில் எல் என்பது கதிரவன், பாடு என்பது சாய்தல். 10 மணிக்கு வருகிறவர்களை "நண்பகல் அணி" என்றும், ஏற்பாட்டைப் "பொழுதுவழி அணிவகுப்பு" என்றும் சொல்லலாம். வகுத்தல் என்ற வேரிலிருந்து வகுப்பு, வகை, வகுப்பான் எல்லாம் எப்படிக் கிளைத்தன என்று தனி மடல் எழுதுகிறேன்.

நசீர்

ஐயா, அணிவகுப்பு என்றால் தேசிய தின அணிவகுப்புதான் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவு வரும்.

உச்சநேரம் என்பதே போதும். எம்ஆர்டி ரயிலில் தினமும் கேட்கிற சொல். காலை 7.30 முதல் 9.30, மாலை 5 முதல் 8. சாலை நெரிசலில் வண்டி மெதுவாகப் போகும், அதனால் அப்போது கூடுதல் வண்டி, அவ்வளவுதானே? இன்னொன்று, இங்கே ஆம்புலன்ஸ் கூப்பிடும் 995 எண்ணுக்கு 2023ல் வந்த மருத்துவ அழைப்புகள் ஏறத்தாழ 2,46,000. நாளுக்கு 670க்கு மேல், மணிக்கு 28. இப்படி வகுத்தால் எத்தனை வண்டி வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கதிரவன்

நசீர், நீங்கள் சொன்னதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆம்புலன்ஸ் ரோஸ்டர் போடுவது என் வேலையாகப் பல ஆண்டுகள் இருந்தது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பொருள் பிடிபடாமல் சொல் கிடைக்காது.

மணிக்கு 28 என்பது வெறும் சராசரி. அதிகாலை 4 மணிக்கு அவ்வளவு வராது, முற்பகல் 11 மணிக்கு அதோடு நிற்காது. அழைப்பின் உச்சமும் ரயில் உச்சநேரமும் ஒன்றல்ல. வயதானவர்கள் எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு அழைப்பு ஏறும், பகல் முழுவதும் உயரத்திலேயே இருக்கும், சாயங்காலம் தாண்டித்தான் மெல்ல இறங்கும். ஆகவே "உச்சநேரம்" என்று எழுதினால் இங்குள்ள ஓட்டுநர் 7.30 மணியைத்தான் நினைப்பார். பத்து மணிக்கு ஏன் வரச்சொல்கிறார்கள் என்று குழம்புவார்.

இப்போது ஒரு மாதிரிக் கணக்கு. நாளுக்கு 16 குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் 12 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் எந்நேரமும் 8 வண்டி. முற்பகலில் மணிக்கு 6 அழைப்பு, ஒவ்வொன்றும் புறப்பட்டதிலிருந்து வண்டியைத் துடைத்து மறுபடி தயாராகும்வரை ஒரு மணி நேரம் எடுத்தால், சராசரியாக 6 வண்டி வேலையில் இருக்கும். ஆனால் அழைப்புகள் வரிசையில் நின்று வருவதில்லை. ஒரு மணி நேரத்தில் 4 வரும், இன்னொரு மணி நேரத்தில் 9 வரும். பத்தில் ஒன்பது தடவையாவது கையில் வண்டி இருக்க வேண்டுமானால் 9 வண்டி நிறுத்த வேண்டும். அதிகாலையில் சராசரி 2தான். அதற்கு 2 வண்டி வைத்தால் மாட்டிக்கொள்வோம், 4 வேண்டும். சராசரி மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும் வண்டியை அந்த அளவுக்குக் குறைக்க முடியாது என்பதைப் புதிதாக ரோஸ்டர் போடுகிறவர்கள் தவறவிடுவார்கள்.

8 வண்டி முறையில் பகலில் பற்றாக்குறை, இரவில் பாதி வண்டி சும்மா. அதே 16 குழுக்களை இரவுக்கு 5, பகல் 8 மணிக்கு 7, 10 மணிக்கு 4 என்று பிரியுங்கள். காலை 8 முதல் 10 வரை 7 வண்டி. 10 முதல் இரவு 8 வரை 11. அப்புறம் 10 மணிவரை 9. அதன்பின் விடியும்வரை 5. ஆள் ஒருவர்கூடக் கூடவில்லை. ஆனால் வண்டி கூடும். முன்பு 8 வண்டியை இரு ஷிப்ட்டும் மாற்றி ஓட்டினார்கள், இப்போது ஒரே நேரத்தில் 11 வண்டி வேண்டும், பட்டறைக்குப் போகும் உதிரி வண்டி தனி. ஆளைப் பற்றியே பேசி இந்த 3 வண்டியை மறந்துவிட்டால், 10 மணிக்கு வந்தவர்கள் வண்டிக்காகக் காத்து நிற்பார்கள்.

1980களில் அமெரிக்காவில் ஜாக் ஸ்டவுட் என்பவர் பரப்பிய முறையின் அடிப்படை இதுதான். ஒரு வண்டி ஆளோடு தயாராக நிற்கும் ஒரு மணி நேரத்தை அவர்கள் ஓர் அலகாக எண்ணுவார்கள். அதற்கும் தமிழில் சொல் வேண்டும். "வண்டிமணி" என்று நாங்கள் பேச்சில் சொன்னோம்.

வேலாயுதம்

வண்டிமணி என்றால் மாட்டு வண்டியின் மணி. "ஊர்திநேரம்" என்க. ஊர்தல் என்பது மெல்லச் செல்லுதல் என்று மறுக்கத் தோன்றும். தேர் ஊர்தல், யானை ஊர்தல் என்ற வழக்குகளில் ஏறிச் செலுத்துதல் என்ற பொருள் தெளிவாக இருக்கிறது.

கணக்கு நன்று, கதிரவன். ஆனால் பொருள் புரிந்தால் எந்தச் சொல்லும் போதும் என்று முடித்துவிடாதீர்கள். இன்று ஷிப்ட் என்று அச்சிட்டால் நாளை வேறு சொல் பிறக்க இடமே இருக்காது. "முறை" இருக்கிறது. கோயிலில் முறைக்காரர் என்கிறோம், குளத்து நீரை முறை வைத்துப் பாய்ச்சுகிறோம்.

ஜோதி

என் அப்பா ராஜபாளையத்தில் நூல் மில்லில் இருந்தார். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்றுதான் தெருவே பேசும். "அரை நைட்" என்று அம்மா சொன்னால் சோறு எத்தனை மணிக்கு வடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். 10 முதல் 10 ஷிப்ட்டை அரை நைட் என்றே போடலாமே, செல்வி அக்கா? அதோடு எல்லாரையும் வாரம் மாற்றிச் சுழற்ற வேண்டும் என்றும் கையேட்டில் எழுதுங்கள். அப்பா தொடர்ந்து அரை நைட் பார்த்த மாதங்களில் நாங்கள் அவரைப் பள்ளி விடுமுறை நாளில்தான் பார்த்தோம்.

கதிரவன்

ஜோதி, மில்லில் தறியும் கதிரும் எல்லா நேரமும் ஒரே அளவு ஓடும், அதனால் மூன்று ஷிப்ட்டிலும் ஒரே எண்ணிக்கை ஆள். இங்கே வேலையின் அளவே நேரத்துக்கு நேரம் மாறுகிறது. அரை நைட் என்ற சொல் அதைச் சொல்லாது. சுழற்சி பற்றி நீங்கள் சொன்னது மிகச் சரி. 10 மணி ஆட்களுக்கு வீட்டில் இரவுச் சாப்பாடே கிடையாது. வேலை முழுக்க நெருக்கமான நேரத்தில் விழுவதால் மதியச் சாப்பாடும் தள்ளிப்போகும். நிரந்தரமாக ஒரே ஆட்களை அதில் போட்ட இடங்களில் முதலில் வேலையை விட்டுப் போனவர்கள் அவர்கள்தான்.

இளவரசி

நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் தாதி. கதிரவன் அண்ணன் ஒரு அழைப்புக்கு ஒரு மணி நேரம் என்றார். பகல் முழுக்க அப்படி இருக்காது. பிற்பகலில் எங்களிடம் படுக்கை காலியாக இருக்காது, ஆம்புலன்ஸ் குழு நோயாளியை ஒப்படைக்கவே காத்து நிற்கும். வண்டி வெளியே நிற்கும், ஆனால் யாருக்கும் பயன்படாது.

கதிரவன்

அம்மா, இதைத்தான் எழுத விட்டுப்போனேன் என்று நினைத்தேன், நன்றி. அழைப்பு மணிக்கு அதே 6ஆக இருந்து, வேலை ஒன்றேகால் மணி நேரமாக நீண்டால், சராசரியாக வேலையில் இருக்கும் வண்டி ஏழரை. அப்போது 9 போதாது, 11 வேண்டும். மேலே 10 மணிக்குப் பிறகு நான் 11 போட்டது இதற்காகத்தான். அழைப்பை மட்டும் எண்ணி ரோஸ்டர் போட்டால் பிற்பகல் எப்போதும் கையைக் கடிக்கும். வண்டி வேலையில் இருந்த நிமிடங்களை எண்ண வேண்டும். முன்பதிவு செய்த டயாலிசிஸ் பயணங்களை அதிலிருந்து பிரித்துவிட வேண்டும், அவை நேரம் தெரிந்தவை.

ரோஸ்டர் தவறியிருக்கிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் ஒரு வண்டிகூட இல்லாத நிமிடங்கள் எந்த மணியில் குவிகின்றன என்று பாருங்கள். இரண்டாவது, இரவு 8 மணிக்கு முடிய வேண்டியவர்கள் எத்தனை மணிக்கு வீடு போகிறார்கள் என்று பாருங்கள். 7.40க்கு வந்த அழைப்பு 9 மணிவரை இழுத்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் மாறும் ரோஸ்டரில் அது தினமும் நடக்கும். கணிப்பும் கடந்த வாரங்களின் சராசரிதான். புகைமூட்டமோ பெரிய விபத்தோ வந்தால் அது கைகொடுக்காது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

செல்வி

எல்லாருக்கும் நன்றி. இதுவரை வந்தவற்றில் எனக்குச் சரியாகப் பட்டது: ஏற்பாட்டுக்கு "அழைப்பு மிகுநேர முறை", 10 மணி ஷிப்ட்டுக்கு "இடைமுறை". நசீர், இளவரசி, ஜோதி மூவரும் தனி மடலில் சரி என்றிருக்கிறார்கள். கையேட்டில் கதிரவன் அண்ணனின் கணக்கைப் படமாகவும் போடுகிறேன்.

வேலாயுதம்

இடைமுறை நன்று. ஆனால் "மிகுநேரம்" வேண்டாம். ஓவர்டைமை இங்கே மிகைநேரம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. மிகுநேர முறை என்று படித்தவர் அதற்குத் தனி ஊதியம் உண்டா என்று கேட்பார். இல்லை என்றால் கோபப்படுவார், அந்தக் கோபம் நியாயமானது.

நசீர்

அப்படியானால் "அழைப்பு கூடும் நேர ஷிப்ட்"?

வேலாயுதம்

ஷிப்ட் என்ற சொல்லுக்கு என் ஒப்புதல் இல்லை. பதிவுக்காகச் சொல்கிறேன்.

செல்வி

அச்சகம் இன்னும் ஒரு மணி நேரம் தந்திருக்கிறது. "அழைப்பு கூடும் நேர முறை" என்று திருத்தி அனுப்புகிறேன். அடைப்புக்குறியில் ஷிப்ட் என்று ஒரே ஒருமுறை வரும், ஐயா, முதல் பக்கத்தில் மட்டும். வண்டிமணியா ஊர்திநேரமா என்பது முடிவாகவில்லை, அதனால் அந்தப் பத்தியில் "வண்டி தயாராக நிற்கும் மணி நேரம்" என்று நீட்டியே எழுதிவிட்டேன்.

கதிரவன்

அது போதும். 11 வண்டி என்று படத்தில் இருக்கும் இடத்தில் உதிரி வண்டியைச் சேர்க்காத எண் என்று ஒரு வரி எழுதுங்கள், செல்வி. அதைப் படிக்காமல் வண்டி ஒதுக்குவார்கள்.