கோப்பிக் கொட்டை அரைக்க எது வாங்கலாம்?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கிளிநொச்சியில இருந்து கேக்கிறன். பிரெஞ்ச் பிரஸ்ஸில கோப்பி போடப் பழகிறன். வீட்டில இருக்கிற பிளேட் கிரைண்டரில 20 கிராம் கொட்டையைப் போட்டு, விட்டு விட்டு, குலுக்கிக் குலுக்கி அரைச்சன். தேத்தண்ணி வடியில அரிச்சுப் பாத்தால் மாவு கீழ போகுது, மேல உடைஞ்ச கொட்டை அப்பிடியே கிடக்குது. மாவு கசக்குது, கட்டி புளிக்குது, ரெண்டும் ஒரே கோப்பையில! அடியில சேறு மாதிரி மண்டி வேற.

அதால, கொட்டையை ரெண்டு பல்லுக்கு நடுவில விட்டு ஒரே அளவா உடைக்கிற பர் கிரைண்டர், கையால சுத்திறது, 8000 ரூபாய்க்குள்ள தேடுறன். மலிவானதில நடுத்தண்டு ஆடும், பெரிசா அரைக்கேக்க அளவு பிசகும். தண்டை மேலயும் கீழயும் பெயாரிங் பிடிச்சிருக்கிற ஒண்டு இந்தக் காசுக்குக் கிடைக்குமோ? பாவிக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. இல்லையெண்டால் இன்னும் ரெண்டு மாசம் காசு சேர்க்கிறன்.