ஜாயினிங் தேதி தள்ளிப்போனால் ரெக்ரூட்டருக்கு என்ன எழுதுவது?

காவேரிப்பட்டணம்_கே:
ஓசூர் சிப்காட்டில் ஆட்டோ பாகங்கள் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பெங்களூரு கம்பெனி ஒன்றின் ஆஃபரை ஏற்று ரிசைன் செய்துவிட்டேன். இங்கே கடைசி நாள் மே 29, அங்கே ஜூன் 1 சேர வேண்டும். நேற்று ரெக்ரூட்டர் போன் செய்து ஜூலை 13-க்குத் தள்ளிவிட்டார்கள் என்றார். மெயில் எதுவும் வரவில்லை. நான் என்ன எழுதுவது? எழுதினால் ஆஃபரே போய்விடுமோ?

பர்கூர்_மணி:
எழுதாதே தம்பி. ஆள் எடுப்பதைக் குறைக்கிறார்கள் என்றால், தொல்லை கொடுப்பவன் பெயரைத்தான் முதலில் அடிப்பார்கள். ஒன்றரை மாதம்தானே. வாட்ஸ்அப்பில் "சரி சார்" என்று ஒரு வரி போட்டுவிட்டு இரு.

ஓசூர்_ஹெச்ஆர்:
அந்த "சரி சார்"தான் ஆபத்து, மணி அண்ணா. சம்பளமில்லாத ஆறு வாரத்தை இவரே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். கம்பெனி பக்கத்தில் எழுத்தில் ஒன்றும் இருக்காது.

தம்பி, போன் செய்தவர் கம்பெனி ஆளா, கன்சல்டன்சி ஆளா? பெரும்பாலும் நீங்கள் சேர்ந்த பிறகுதான் கன்சல்டன்சிக்குக் கமிஷன். அதனால் "கன்ஃபார்ம்தான், கவலைப்படாதீங்க" என்றுதான் சொல்வார், உறுதி கொடுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. ஆஃபர் லெட்டர் அனுப்பிய கம்பெனி ஹெச்ஆருக்கு மெயில் போடுங்கள், ரெக்ரூட்டரை சிசி-யில் வையுங்கள்.

இப்படி எழுதலாம், ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"என் சேரும் தேதி ஜூன் 1-லிருந்து ஜூலை 13-க்கு மாற்றப்பட்டதாக நேற்று போனில் தெரிவிக்கப்பட்டது. உங்கள் ஆஃபரை நம்பி ராஜினாமா செய்துள்ளேன், கடைசி வேலை நாள் மே 29. அதே பதவி, அதே சம்பளத்துடன் புதிய தேதியைக் குறிப்பிட்டுத் திருத்திய கடிதம் அனுப்ப வேண்டுகிறேன். இங்கே என் கடைசி நாளை நீட்டிக்கக் கேட்க வேண்டியிருப்பதால், மே 20-க்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும். சேர ஆர்வமாகவே இருக்கிறேன்."

கெடுவுக்கு உண்மையான காரணம் இருப்பதால் அது மிரட்டலாகத் தெரியாது. உங்கள் இடத்துக்கு ஆள் வந்து, கணக்கு முடிக்க ஆரம்பித்துவிட்டால் மேனேஜரே நினைத்தாலும் நீட்டிப்பது கஷ்டம்.

தென்பெண்ணை:
இவ்வளவு பணிவு எதற்கு? 1872 ஒப்பந்தச் சட்டம் 73-ஆம் பிரிவு நஷ்டஈடு கேட்க இடம் தருகிறது. ஆறு வாரச் சம்பளத்தை முதல் மெயிலிலேயே கேளுங்கள்.

ஓசூர்_ஹெச்ஆர்:
பிரிவு சரிதான். ஆனால் முதல் மெயிலிலேயே அதைப் போட்டால் விஷயம் சட்டப் பிரிவுக்குப் போய்விடும். அப்புறம் ரெக்ரூட்டர் போனையே எடுக்க மாட்டார். ஆஃபர் லெட்டரில் "நிறுவனத் தேவைக்கேற்ப தேதி மாறலாம்" என்று இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், இருந்தால் உங்கள் வாதம் பலவீனமாகிவிடும். "ஆஃபரை நம்பி ராஜினாமா செய்தேன்" என்ற வரி பதிவானால் இப்போதைக்குப் போதும். பின்னால் நஷ்டம் பேச அதுதான் ஆதாரம்.

அரூர்_பேட்ச்25:
எனக்கும் இதே கதைதான். தர்மபுரியில் படித்தேன், கேம்பஸில் எடுத்தார்கள், இன்னும் கூப்பிடவில்லை. நானும் இந்த மெயிலையே போடவா?

ஓசூர்_ஹெச்ஆர்:
உங்கள் கடிதத்தில் சேரும் தேதி இருக்கிறதா? தேதியே இல்லாவிட்டால் "தள்ளிவிட்டீர்கள்" என்று எழுத வழியில்லை. எந்த மாதம் என்று மட்டும் கேளுங்கள், வேறு இடங்களுக்கும் விண்ணப்பித்துக்கொண்டே இருங்கள். நீங்கள் விட்டுவர வேலை எதுவும் இல்லை, இவர் நிலைமை வேறு.

பர்கூர்_மணி:
சரி, மெயில் போடட்டும். ஆனால் ரிசைன் செய்தவன் திரும்பிப் போய் "இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன்" என்றால் மேனேஜர் மதிப்பாரா? எங்கள் பிளாண்டில் ஒரு பையனுக்கு அதற்கப்புறம் நைட் ஷிஃப்ட் மட்டும்தான் போட்டார்கள்.

ஓசூர்_ஹெச்ஆர்:
அப்படிச் செய்கிறவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனாலும் ஜூன் மாதச் சம்பளம் வருமே. மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும், வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அதுவே பெரிய விஷயம்.

காவேரிப்பட்டணம்_கே:
அக்கா, மெயில் போட்டேன், பதில் வந்துவிட்டது. ஜூலை 13 என்று திருத்திய கடிதம் கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் அதேதான். ஆனால் பழைய கடிதத்தில் இல்லாத ஒரு வரி கூடுதலாக இருக்கிறது: "சேரும் தேதி நிறுவனத்தின் விருப்பப்படி மேலும் மாறலாம்." இங்கே மேனேஜர் ஜூன் 30 வரை இருக்கச் சொல்லிவிட்டார்.

தென்பெண்ணை:
கையெழுத்துப் போடாதீர்கள். பழைய கடிதம் கையில் இருக்கும்வரைதான் உங்களுக்குப் பலம்.

பர்கூர்_மணி:
போடு தம்பி. போடாவிட்டால் அதையே சாக்காக வைத்து ஆஃபரை எடுத்துவிடுவார்கள்.

ஓசூர்_ஹெச்ஆர்:
ஏற்கும் முன் இன்னொரு மெயில் போடுங்கள். அந்த வரியை எடுக்க முடியுமா, முடியாவிட்டால் இன்னொரு முறை மாற்றினால் 30 நாள் முன்பே எழுத்தில் சொல்வதாகச் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். எடுக்க மாட்டோம் என்றால் ஜூலை 13-ஐ அவர்களே நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். அதுவரை வேறு இன்டர்வியூ வந்தால் போய்விட்டு வாருங்கள், ரெக்ரூட்டரிடம் சொல்ல வேண்டியதில்லை.

பர்கூர்_மணி:
சொல்லாமல் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.