புதுப்பிப்பு: குதிரை உதைக் கணக்கில் இரண்டாம் வகைக்கெழு

நான் கேட்டிருந்தது: “பிரஷ்யப் படையின் 200 பதிவுகளில் குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். பாய்சான் பரவலின் சராசரி λ = 0.61 வந்துவிட்டது. லாக்-லைக்லிஹூட் சார்பு ℓ-க்கு இது பெருமம்தான் என்று எப்படிக் காட்டுவது?”

முதலில் பதில் சொன்ன நண்பர், இரண்டாம் வகைக்கெழுவில் 0.61-ஐப் போட்டால் குறை எண் வருகிறது, போதும் என்றார். அது அந்த இடத்துக்கு மட்டும்தான் பெருமம். அப்புறம் ஆசிரியை ஒருவர் இதை எழுதிக் காட்டினார்:

```
ℓ(λ)  = 122 ln λ − 200λ + c
ℓ′(λ) = 122/λ − 200
ℓ″(λ) = −122/λ²
```

λ > 0 எங்கும் ℓ″ குறை எண்தான். வளைவு முழுக்கக் கீழ்நோக்கியே வளைவதால் வேறு உச்சியே கிடையாது. 0.61-இல் ℓ″ சுமார் −328. 1/√328 எடுத்தால் திட்டப்பிழை 0.055. சோதனைக்காகப் போட்ட கணக்கே இதையும் கொடுத்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி!

இன்னொருவரின் தரவில் n பதிவுகள், எல்லாமே பூஜ்ஜியம். அங்கே ℓ′ எப்போதும் −n, பூஜ்ஜியமாகவே ஆகாது. λ = 0 என்று எழுதலாமா என்பதில் இன்னும் பேச்சு நடக்கிறது.